இன்சிடென்ட் ரிப்போர்ட்ட எம்டி படிச்சு முடிவெடுக்கற மாதிரி மாத்தி எழுதறது எப்படி – நான் பட்ட பாடு நீங்க படாம இருக்க

நான் ஒரு பஸ் டிக்கெட் புக்கிங் கம்பெனில பேக்கெண்ட் டீம்ல இருக்கேன், பேர் வேணாம். ஆயுத பூஜை லீவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஊருக்குப் போற கூட்டம் மொத்தமும் டிக்கெட் போடற நேரத்துல, சாயங்காலம் 6:42ல இருந்து 8:05 வரைக்கும் எங்க புக்கிங் படுத்துருச்சு. சரி பண்ணியாச்சு, ராத்திரியே உட்கார்ந்து ஆறு பக்கத்துக்கு ரிப்போர்ட் எழுதி, ரொம்ப நல்லா எழுதிட்டோம்னு நினைச்சு எம்டிக்கும் சேர்த்து அனுப்பிட்டேன். அதுல இந்த எரர் லைன் இருந்தது:

```
FATAL: remaining connection slots are reserved for non-replication superuser connections
```

காலைல எம்டி போன் பண்ணி முதல்ல கேட்டது, "யாருப்பா அந்த சூப்பர் யூசர், பண்டிகை நேரத்துல அவருக்கு எதுக்கு சீட் ரிசர்வ் பண்ணி வெச்சீங்க?" நான் சிரிக்கல, சிரிக்கற நிலமைல இல்ல. பஸ் கம்பெனில "ரிசர்வ்டு", "ஸ்லாட்"னு படிச்சா யாரா இருந்தாலும் சீட்டுனுதான் நினைப்பாங்க. ஆறு பக்கத்துல அவர் முடிவு எடுக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருந்தது, அது அஞ்சாவது பக்கத்துல கடைசி பாராவுல கிடந்தது. அதுக்கப்புறம் மூணு தடவை மாத்தி எழுதினேன். அந்த மூணு தடவைல கத்துக்கிட்டதத்தான் வரிசையா கீழ போட்டிருக்கேன்.

## 1. மொதல்ல என்ன உடைஞ்சதுனு நீங்க ஒழுங்கா புரிஞ்சுக்கங்க

எங்க கதைய நேரா சொல்லிடறேன், மிச்ச எல்லா ஸ்டெப்புக்கும் இதுதான் உதாரணம். எங்க டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். அதுல ஒரே நேரத்துல எத்தன இணைப்பு இருக்கலாம்னு ஒரு எல்லை உண்டு, `max_connections`னு பேரு, எங்களுது 200. அதுல 3 அட்மினுக்குனு, அதாவது எரர்ல வந்த அந்த சூப்பர் யூசருக்குனு, தனியா ஒதுக்கிடும், அதனால அப்ளிகேஷனுக்கு 197. எங்க அப்ளிகேஷன் ஒரே புரோகிராமோட பல காப்பியா ஓடும், கூட்டம் ஏற ஏற காப்பி தானா கூடும். ஒவ்வொரு காப்பியும் உபயோகிக்குதோ இல்லையோ, குறிப்பிட்ட எண்ணிக்கைல இணைப்ப முன்னாடியே எடுத்து கைல வெச்சுக்கும். அது முன்னாடி 10 ஆ இருந்தது, புதன்கிழமை வேகம் கூடட்டும்னு 20 ஆக்கினோம். சாதாரண நாள்ல 8 காப்பி, 160 இணைப்பு, ஒரு பிரச்சனையும் தெரியல. வெள்ளி சாயங்காலம் காப்பி 14 ஆச்சு, 280 இணைப்பு கேட்டது, கதவு சாத்திருச்சு.

இந்தக் கணக்கு உங்களுக்கு பேப்பர்ல நாலு வரில வரலன்னா மேனேஜ்மென்ட் வெர்ஷன ஆரம்பிக்காதீங்க. "லோடு அதிகமாச்சு"னு எழுதினா அது காரணம் இல்ல, கூட்டம் வர்றதுதான் நம்ம பொழப்பே. கூட்டம் வந்ததால விழுந்துச்சுனு எழுதினா எம்டிக்கு "அப்போ கூட்டம் வராம இருக்கணுமா"னுதான் தோணும், தோணிச்சு, கேட்டார்.

## 2. எழுதறதுக்கு முன்னாடி அஞ்சு காகிதம் சேருங்க

இதுதான் அதிக நேரம் எடுக்கும், எனக்கு மொத்தம் ஆறு மணி நேரம் ஆச்சுன்னா அதுல நாலு இதுக்கே போச்சு. வேணுங்கறது: உங்க டெக்னிகல் ரிப்போர்ட், கடைசி ஒரு வாரத்துல என்னென்ன மாத்தினோம்ங்கற லிஸ்ட், பேமென்ட் கேட்வேல இருந்து அந்த நேரத்துக்கான பரிவர்த்தனை ரிப்போர்ட், கஸ்டமர் கேர்ல வந்த கால் மெசேஜ் லிஸ்ட், அப்புறம் ஃபைனான்ஸ்ல இருந்து ஒரு டிக்கெட்டுக்கு நம்ம கைக்கு எவ்வளவு வருதுங்கற கணக்கு. கடைசி ரெண்டையும் இன்ஜினியர்ஸ் யாரும் கேக்கறதே இல்ல. கஸ்டமர் கேர் லிஸ்ட்ட வெச்சுத்தான் எங்களுக்கு ஒரு கசப்பான விஷயம் தெரிஞ்சது, முதல் கால் வந்தது 6:51க்கு, நாங்க கவனிச்சது 7:10க்கு. எங்க அலாரம் சிபியு ஏறினாத்தான் அடிக்கும், அன்னிக்கு சிபியு சும்மா தூங்கிட்டு இருந்தது, ஏன்னா யாரும் உள்ளயே போக முடியல.

நேரம் எழுதறப்ப ஒரு குழி இருக்கு. எங்க சர்வர் லாக் எல்லாம் யுடிசில, 13:12னு இருக்கும், அது நம்ம ஊர் நேரத்துக்கு 6:42. கேட்வே ரிப்போர்ட் நம்ம நேரத்துல. ரெண்டையும் மாத்தாம ஒட்டினா அஞ்சரை மணி நேரம் தப்பான ஆளுங்களோட லிஸ்ட் கைல இருக்கும். நான் முதல் தடவை இதைத்தான் செஞ்சேன், மத்தியானம் ஒழுங்கா டிக்கெட் வாங்கினவங்க பேரெல்லாம் லிஸ்ட்ல வந்துருச்சு, நல்லவேளை ரீஃபண்ட் போடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சோம்.

## 3. எத்தன பேருக்கு அடி, எவ்வளவு காசு – இதுல மூணு குழி

மேனேஜ்மென்ட் முதல்ல தேடறது இந்த நம்பரத்தான், இதுல ஒரு தடவை தப்பு பண்ணினா அடுத்த ஆறு மாசம் நீங்க சொல்ற எந்த நம்பரையும் நம்ப மாட்டாங்க. அதனால இங்க கொஞ்சம் நிதானமா போவோம்.

முதல் குழி, உடைஞ்ச டேட்டாபேஸ்லயே போய் எண்ணறது. காசு போச்சு டிக்கெட் வரலங்கறவங்க எத்தன பேர்னு நான் எழுதின க்வெரி இது:

```sql
SELECT p.payment_id, p.amount
FROM payments p
LEFT JOIN bookings b ON b.payment_id = p.payment_id
WHERE p.status = 'captured' AND b.payment_id IS NULL;
```

அந்த 83 நிமிஷத்துக்கு நேர வரம்பு போட்டு ஓட்டினேன், 151னு வந்தது, 151னே மெயில் போட்டுட்டேன். யோசிச்சுப் பாருங்க, அந்த நேரத்துல டேட்டாபேஸ் புதுசா யாரையும் உள்ள விடல, அப்போ காசு எடுத்த பேமென்ட்லயும் ஒரு பங்கு அதுல பதிவே ஆகியிருக்காது. திங்கக்கிழமை கேட்வேயோட ரிப்போர்ட்ட டவுன்லோட் பண்ணி அதுல இருந்து நம்ம புக்கிங்க கழிச்சா 214. சனிக்கிழமை 151, திங்கக்கிழமை 214, எம்டி முகம் எப்படி இருந்திருக்கும்னு நான் சொல்லணுமா. எது உடைஞ்சதோ அத சாட்சியா கூப்பிடாதீங்க, வெளில இருக்கற ரெக்கார்ட்ல இருந்து எண்ணுங்க.

ரெண்டாவது குழி, பேமென்ட்டயும் ஆளையும் ஒண்ணா நினைக்கறது. 214 பேமென்ட், ஆனா போன் நம்பர வெச்சு சேர்த்துப் பார்த்தா 168 பேர்தான், டிக்கெட் வரலனு அதே ஆளு ரெண்டு மூணு தடவை அழுத்தியிருக்காங்க. திருப்பித் தர வேண்டிய காசு 214 பேமென்ட்டுக்கு, ₹2,31,120. மன்னிப்புக் கேட்க வேண்டியது 168 பேர்கிட்ட. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க, இல்லைனா கஸ்டமர் கேர்ல ஒரே வீட்டுக்கு மூணு தடவை போன் போட்டு "சாரி சார்"னு சொல்லிட்டு இருப்பாங்க.

மூணாவதுதான் பெரிய குழி. போன வியாபாரம் எவ்வளவுனு எழுதறப்ப நான் டிக்கெட் விலையப் போட்டுட்டேன். சராசரி டிக்கெட் ₹1,080, சுமார் 600ல இருந்து 900 டிக்கெட் வரைக்கும் போயிருக்கும், ஆகமொத்தம் ஆறரை லட்சத்துல இருந்து கிட்டத்தட்ட பத்து லட்சம்னு எழுதினேன். ஃபைனான்ஸ் ஹெட் மேடம் கூப்பிட்டு, "தம்பி, டிக்கெட் காசு பஸ்காரருக்குப் போகுது, நமக்கு ஒரு டிக்கெட்டுக்கு தொண்ணூறு ரூபாதான் நிக்கும், உங்க கணக்குல நீங்க அவரோட நஷ்டத்தயும் சேர்த்து அழுதிருக்கீங்க"ன்னாங்க. அதாவது எங்க நஷ்டம் ₹54,000ல இருந்து ₹81,000. பத்து லட்சம்னு படிச்ச எம்டி பெரிய சர்வர் வாங்க கையெழுத்துப் போடத் தயாரா இருந்தார், எண்பதாயிரம்னா அவர் கேக்கற கேள்வியே வேற. நம்பர் பெருசா இருந்தா நம்ம பக்கம் வலுவாகும்னு நமக்கு ஒரு ஆசை இருக்கும், அத அடக்கிக்கங்க.

அந்த 600-900 எப்படி வந்ததுன்னா, சாதாரண வெள்ளிக்கிழமையோட ஒப்பிடாம போன வருஷ ஆயுத பூஜை வெள்ளிக்கிழமையோட ஒப்பிட்டோம், அதுவும் 8:05 வரைக்கும் பார்க்காம ராத்திரி 11 வரைக்கும் பார்த்தோம், ஏன்னா திரும்ப வந்து டிக்கெட் போட்டவங்களும் நிறைய பேர், அவங்கள நஷ்டத்துல சேர்க்கக் கூடாது. ஒத்தை நம்பரா சொல்லாம "இதுல இருந்து இது வரைக்கும்"னு எழுதறதுல ஒரு வெக்கமும் இல்ல, எப்படி வந்ததுனு ஒரு வரி மட்டும் போட்டுடுங்க.

ரீஃபண்ட் போட்டாலும் கேட்வே எடுத்த கட்டணத்த நிறைய கேட்வே திருப்பித் தராது, உங்க ஒப்பந்தத்தப் பாருங்க. சின்னத் தொகைதான், ஆனா ஃபைனான்ஸ் கண்டிப்பா கேப்பாங்க.

## 4. அவங்க என்ன முடிவு எடுக்கணும்னு முதல்ல எழுதுங்க, கதைய அப்புறம்

வெள்ளைத்தாள எடுத்து முதல் வரில "இந்த ரிப்போர்ட்ட படிச்சுட்டு எம்டி எதுக்கு சரி, இல்லனு சொல்லணும்?"னு எழுதுங்க. பதில் வரலன்னா உங்களுக்கு மேனேஜ்மென்ட் வெர்ஷனே தேவையில்ல, ரெண்டு வரி தகவல் போதும்.

எங்களுக்கு ரெண்டு முடிவு தேவைப்பட்டது. 168 பேருக்கு ரீஃபண்ட் போக ஆளுக்கு நூறு ரூபா கூப்பன் தரலாமா, அது ஒண்ணு, ₹16,800. இன்னொண்ணு தீபாவளி, அதுக்கு மூணு வாரம் கூட இல்ல. பழையபடி 10க்கு மாத்திட்டோம், அதனால இப்ப 18 காப்பி வரைக்கும் தாங்கும், அதாவது 180 இணைப்பு, மிச்சத்த ரிப்போர்ட் ஓட்டற வேலை மாதிரி மத்தது எடுத்துக்கும். ஆனா போன தீபாவளிக் கூட்டத்தயும் இந்த வருஷ வளர்ச்சியையும் வெச்சுப் பார்த்தா 20ல இருந்து 22 காப்பி வேண்டியிருக்கும். அப்போ இப்ப நல்லா ஓடுது, தீபாவளிக்கு முன்னாடி திரும்ப விழும். இந்த ஒரு வாக்கியம்தான் மொத்த ரிப்போர்ட்டே, இதத்தான் நான் அஞ்சாவது பக்கத்துல ஒளிச்சு வெச்சிருந்தேன்.

ஆப்ஷன் ரெண்டு மூணுக்கு மேல வேணாம், ஒவ்வொண்ணுக்கும் காசு, நாள், என்ன சிரமம்ங்கறது மூணும் இருக்கணும். ஒண்ணும் செய்யாம விட்டா என்ன ஆகும்ங்கறதயும் ஒரு ஆப்ஷனா எழுதுங்க, ஏன்னா பதில் சொல்லாம இருக்கறதும் அவங்க எடுக்கற முடிவுதான், அது அவங்களுக்குத் தெரிஞ்சே நடக்கட்டும். அப்புறம் உங்க சிபாரிசு எதுன்னு தைரியமா சொல்லுங்க. "மேனேஜ்மென்ட் முடிவு செய்யலாம்"னு முடிச்சா, "எனக்குத் தெரிஞ்சா உன்ன ஏன் வெச்சிருக்கேன்"னு கேப்பாங்க.

## 5. காரணத்த அவங்க பாஷைல சொல்லுங்க

இங்கதான் எல்லாரும் உவமை தேடி அலைவாங்க. எனக்கு எங்க தொழில்லயே கிடைச்சது, துண்டு போட்டு சீட் பிடிக்கறது. பஸ்ல 197 சீட்டு. ஒவ்வொரு குரூப்புக்கும் ஒருத்தர் முன்னாடியே ஏறி 20 சீட்டுல துண்டு போட்டுடறார், உட்கார ஆள் இருக்கோ இல்லையோ. ஒன்பது குரூப் வரைக்கும் தாராளம், பத்தாவது குரூப்புக்கு துண்டு போட முழுசா இடம் இல்ல. அன்னிக்கு பதினாலு குரூப் வந்தது. பாதி சீட்டு காலியாத்தான் கிடந்தது, ஆனா துண்டு கிடந்ததால யாரும் உட்கார முடியல. எம்டி ஒரே செகண்ட்ல புரிஞ்சுக்கிட்டார்.

புரிஞ்சுக்கிட்டு அடுத்த செகண்ட்ல "அப்போ பெரிய பஸ்ஸா வாங்கிடுவோம்"ன்னார். உவமைல இருக்கற ஆபத்து இதுதான், விஷயத்தப் புரிய வெச்சுட்டு கையப் பிடிச்சு தப்பான முடிவுக்கும் இழுத்துட்டுப் போயிடும். போஸ்ட்கிரெஸ்ல ஒவ்வொரு இணைப்பும் தனி ப்ராசஸ், சும்மா இருந்தாலும் மெமரி தின்னும், சீட்ட மட்டும் கூட்டிக்கிட்டே போக முடியாது. அதனால உவமைய எழுதின உடனே அடுத்த வரில அது எங்க பொருந்தாதுனு எழுதிடுங்க: "சீட்ட கூட்டலாம், ஆனா காலி சீட்டுக்கும் வாடகை உண்டு, துண்டு போடற பழக்கத்த நிறுத்தி, யார் நிக்கறாங்களோ அவங்களுக்கு அப்பப்ப சீட்டுக் குடுக்கற ஒரு கண்டக்டர வைக்கறதுதான் எங்க யோசனை." அந்த கண்டக்டர்தான் பிஜிபவுன்சர்ங்கற சாஃப்ட்வேர், அந்தப் பேர் மேனேஜ்மென்ட் வெர்ஷன்ல வரவே தேவையில்ல.

பயிற்சிக்கு ஒரு பொதுவான கேஸ் சொல்றேன். 2017 ஜனவரி 31ல கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டர அழிச்சுட்டார், அப்புறம் பேக்கப்ப தேடினா அது இல்ல. அவங்களே எல்லாத்தையும் வெளிப்படையா எழுதினாங்க. பேக்கப் எடுக்கற `pg_dump` 9.2 வெர்ஷன்ல ஓடிச்சு, டேட்டாபேஸ் 9.6, அதனால தினமும் ஃபெயில் ஆயிட்டே இருந்தது, ஃபெயில்னு சொல்ற மெயிலும் டிமார்க்ங்கற மெயில் சரிபார்ப்புச் சிக்கலால டெலிவரி ஆகாம திரும்பிருச்சு. கடைசில கிட்டத்தட்ட ஆறு மணி நேர டேட்டா போச்சு. இத ஒரு மேனேஜருக்கு எழுதுன்னா நிறைய பேர் வெர்ஷன் நம்பர்ல ஆரம்பிப்பாங்க. அவருக்கு வேண்டியது இதுதான்: "பேக்கப் எடுக்கறோம்னு நம்பிட்டு இருந்தோம், எடுக்கல, எடுக்கலங்கறத சொல்ல வேண்டிய மணியும் அடிக்கல, எடுத்த பேக்கப்ப திரும்பப் போட்டு சரியா இருக்கானு பார்க்கற வேலை யார் பேர்லயும் இல்ல." மூணாவது விஷயத்துக்கு ஒரு ஆள நியமிச்சா தீர்ந்தது, அது மேனேஜர் கைல இருக்கற வேலை. 9.2வா 9.6ஆங்கறது அவர் கைல இல்ல.

## 6. பேர எடுங்க, ஆனா "தவறு நடந்துவிட்டது"னு மழுப்பாதீங்க

புதன்கிழமை 10அ 20 ஆக்கின பையன் எங்க டீம்ல சேர்ந்து நாலு மாசம், அந்த மாற்றத்த ரிவ்யூ பண்ணி ஓகே சொன்னது நான். பேர் போட்டா எம்டி பேரத்தான் பிடிச்சுப்பார், மிச்ச ஒரு வரியும் மண்டைல ஏறாது. "மனிதத் தவறு"னு எழுதினாலும் அதே கதை, அடுத்த கேள்வி "எந்த மனிதர்"னுதான் வரும். நான் எழுதினது: "இந்த செட்டிங்க மாத்தும்போது, அதிகபட்ச காப்பி எண்ணிக்கையால பெருக்கிப் பார்க்கற சோதனை எங்ககிட்ட இல்ல. இப்ப வெச்சிருக்கோம், 197அ தாண்டினா மாற்றம் உள்ளயே போகாது." யார்னு நேர்ல கேட்டார், ரிவ்யூ பண்ணினது நான்னு சொன்னேன், அதோட விட்டுட்டார்.

அதே மாதிரி நம்மள அசிங்கப்படுத்தற வரிய மறைக்காதீங்க. 7:10ல இருந்து 7:40 வரைக்கும் நாங்க காரணம் தெரியாம அப்ளிகேஷன ரீஸ்டார்ட் பண்ணிப் பண்ணிப் பார்த்தோம், ஒவ்வொரு தடவையும் எல்லா காப்பியும் ஒரே நேரத்துல கதவ முட்டிச்சு, இன்னும் மோசமாச்சு. அந்த அரை மணி நேரத்த ஒரு வரில எழுதினேன். எழுதலன்னா 83 நிமிஷம் ஏன் ஆச்சுங்கறதுக்கு கணக்கே உதைக்கும், கூட்டிப் பார்க்கறவங்க மீட்டிங்ல ஒருத்தராவது இருப்பாங்க.

## 7. "டேட்டா லீக் ஆச்சா?" – கேக்கறதுக்கு முன்னாடி பதில் இருக்கணும்

டேட்டாபேஸ் பிரச்சனைன்னாலே டெக்னிகல் இல்லாதவங்க மனசுல ஹேக்கிங்தான் ஓடும். அதனால ஒரு வரி கண்டிப்பா போடுங்க, "வெளியாள் யாரும் நுழையல, யாரோட விவரமும் வெளில போகல", அத எப்படி உறுதி பண்ணீங்கங்கறதயும் சேர்த்து. எங்களுக்கு அது சுலபம், பிரச்சனையே யாரும் உள்ள போக முடியாததுதான்.

நிஜமாவே ஊடுருவல்னு சந்தேகம் இருந்தா இந்தக் கட்டுரைய மூடி வெச்சுட்டு நேரா லீகலுக்கும் செக்யூரிட்டி டீமுக்கும் போன் பண்ணுங்க. இந்தியால அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுப்படி சைபர் சம்பவங்கள கவனிச்ச ஆறு மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். அழகா ரிப்போர்ட் எழுத அங்க நேரம் இல்ல.

## 8. ஒரு பக்கம், அவ்வளவுதான்

கடைசியா போனது இதுதான், உங்க கேஸுக்கு மாத்திக்கங்க:

> முடிவு தேவை: செவ்வாய் மாலை 5 மணிக்குள்
>
> வெள்ளி மாலை 6:42 – 8:05 புக்கிங் நின்றது. இப்போது சீராக ஓடுகிறது. ஆனால் தீபாவளிக் கூட்டத்தை இப்போதுள்ள அமைப்பு தாங்காது.
>
> பாதிப்பு: 168 பேரிடம் பணம் எடுக்கப்பட்டு டிக்கெட் வரவில்லை. திருப்பித் தருவது ₹2,31,120 (214 பேமென்ட், கேட்வே ரிப்போர்ட்படி). நமது வருமான இழப்பு ₹54,000 – ₹81,000 (போன வருட ஆயுத பூஜை வெள்ளியுடன் ஒப்பிட்ட மதிப்பீடு). யாருடைய விவரமும் வெளியே போகவில்லை.
>
> காரணம்: புதனன்று செய்த ஒரு மாற்றம், கூட்டம் கூடியபோது டேட்டாபேஸின் இணைப்பு எல்லையைத் தாண்டியது. முன்கூட்டியே பிடிக்கும் சோதனை இல்லை, இப்போது உள்ளது. வாடிக்கையாளர் அழைத்து 19 நிமிடம் கழித்தே நாம் கவனித்தோம். புக்கிங் குறைந்தாலே அடிக்கும் அலாரம் வைத்துவிட்டோம். காரணம் தெரியாமல் ரீஸ்டார்ட் செய்ததில் அரை மணி நேரம் போனது.
>
> தீபாவளிக்கு வழி:
> அ. இணைப்புகளைப் பகிர்ந்து தரும் இடை அடுக்கு. கூடுதல் மாதச் செலவு மிகக் குறைவு. 2 இன்ஜினியர், 8 வேலை நாள் + 3 நாள் சோதனை. அதுவரை புதிய வசதிகள் எதுவும் வராது.
> ஆ. பெரிய டேட்டாபேஸ். மாதம் ₹48,000 கூடுதல். ஒரு இரவு 2 மணிக்கு 15 நிமிடம் புக்கிங் நிற்கும்.
> இ. எதுவும் செய்யாமல் விடுவது. 18 காப்பியோடு நிறுத்த வேண்டும். தீபாவளி உச்ச நேரத்தில் பக்கம் மெதுவாகும், சிலருக்குத் திறக்காது.
>
> எங்கள் சிபாரிசு: அ. சோதனையில் தேறாவிட்டால் ஆ-வுக்கு மாற சில நாள் அவகாசம் இருக்கும். அதற்கான அனுமதியும் இப்போதே வேண்டும்.
>
> இன்னொரு முடிவு: 168 பேருக்கு ₹100 கூப்பன், மொத்தம் ₹16,800. ஆம் / இல்லை.

ஆ-ல அந்த 15 நிமிஷம் ஏன்னு கேட்டாங்க. பெரிய மெஷினுக்கு மாறணும், `max_connections`அ மாத்தினாலும் போஸ்ட்கிரெஸ்ஸ ஒரு தடவை நிறுத்தி ஆரம்பிச்சாத்தான் எடுத்துக்கும், அதான் காரணம். இந்த மாதிரி பதில்கள பக்கத்துல எழுதாதீங்க, நீங்க மீட்டிங்குக்குக் கொண்டு போற நோட்டுல வெச்சுக்கங்க. பழைய ஆறு பக்கத்த அழிக்கவும் வேணாம், லிங்கா கீழ போட்டா போதும், ஆடிட்டர் ஒருத்தர் என்னிக்காவது கேப்பார்.

## 9. அனுப்பறதுக்கு முன்னாடி ஒருத்தர படிக்க வைங்க

எங்க அக்கவுன்ட்ஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, அவங்கள உட்கார வெச்சு பக்கத்தக் குடுத்தேன், ரெண்டு நிமிஷம் கழிச்சு திருப்பி வாங்கிட்டு மூணு கேள்வி கேட்டேன்: இப்ப பிரச்சனை இருக்கா இல்லையா, யாருக்கு எவ்வளவு தரணும், எம்டி என்ன சொல்லணும், எப்போக்குள்ள. முதல் டிராஃப்ட்ல அவங்க முதல் கேள்விக்கே "இன்னும் படுத்துத்தான் இருக்குபோல"ன்னாங்க, ஏன்னா "இப்போது சீராக ஓடுகிறது"ங்கற வரி எட்டாவது வரில இருந்தது. மேல தூக்கிட்டேன். இன்னொரு இன்ஜினியர்கிட்ட குடுத்து சரிபார்க்கறது வேற வேலை, அவருக்கு இல்லாத வரியும் தானா புரிஞ்சுரும்.

## 10. எப்போ எதை அனுப்பணும்

புக்கிங் திரும்ப வந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள நாலு வரி மெசேஜ்: என்ன நின்னது, எப்போ வந்தது, எண்ணிக்கை இன்னும் பார்த்துட்டு இருக்கோம், அடுத்த தகவல் எப்போ. அந்த நாலு வரில நம்பர் போடாதீங்க, கேட்டாலும் "திங்கள் மத்தியானம்"னு சொல்லுங்க, என்னோட 151 ஞாபகம் இருக்கட்டும். ஒரு பக்க ரிப்போர்ட் அடுத்த வேலை நாள் மத்தியானத்துக்குள்ள போயிடணும், அதத் தாண்டினா அவங்களுக்கு யாராவது லிஃப்ட்ல வேற கதை சொல்லியிருப்பாங்க. எழுதறதுக்கு ஒண்ணரை மணி நேரம், படிக்க வெச்சு திருத்த அரை மணி நேரம்னு வெச்சுக்கங்க.

முடிவு வந்ததும் அதே மெயில்ல "செவ்வாய் 4:20க்கு அ-க்கு அனுமதி, கூப்பனுக்கும் அனுமதி"னு நீங்களே பதில் போட்டு வெச்சுடுங்க, வாய்ல சொன்னது வாய்லயே போயிடும்.

அப்புறம் ரீஃபண்ட். போட்டுட்டோம்னு எழுதினா அது போய்ச் சேர்ந்துச்சுனு அர்த்தம் இல்ல, பேங்க்ல ஏற வழக்கமா அஞ்சுல இருந்து ஏழு வேலை நாள் ஆகும். பத்தாவது நாள் கேட்வேல ஸ்டேட்டஸ் பார்த்தேன், 214ல 211 முடிஞ்சிருந்தது, மூணு ஃபெயில், கார்டு க்ளோஸ் ஆயிருச்சாம். அந்த மூணு பேருக்கும் கஸ்டமர் கேர்ல இருந்து போன் பண்ணி அக்கவுன்ட் நம்பர் வாங்கி, கடைசி ₹1,140 ஏறின அன்னிக்குத்தான் "முடிந்தது"னு ரெண்டு வரி மெயில் போட்டேன். எம்டி அதுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.